வினிகரில் ஒரு சொட்டுக் கணக்கு

ரெக்கார்டு நோட்டு திருத்த உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். கல்லூரி முதலாண்டு வேதியியல் மாணவர்கள் வினிகரில் எவ்வளவு அசிட்டிக் அமிலம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. போன வாரம் ஒரே மேசையில் நின்று, ஒரே பியூரெட்டைப் பார்த்து, ஒரே அளவீடுகளைக் குறித்துக்கொண்ட மூன்று பேரின் நோட்டுகள் அடுத்தடுத்து வந்தன. முதல் நோட்டின் கடைசி வரியில் 4.204526 சதவீதம் என்று இருந்தது. இரண்டாவதில் 4.2 சதவீதம். மூன்றாவதில் 4.20 ± 0.03 சதவீதம்.

பெருக்கல் வகுத்தல் மூன்றிலும் சரி. ஆனாலும் மூன்றாவது நோட்டுக்கு மட்டும்தான் முழு மதிப்பெண் போட்டேன். முதலாமவர் தன் கண்ணாடிக் குழாய்களுக்குத் தெரியாத இலக்கங்களையெல்லாம் தெரிந்ததாக எழுதிவிட்டார். இரண்டாமவர் தெரிந்ததில் பாதியை மறைத்துவிட்டார். மூன்றாமவர் தனக்கு என்ன தெரியும், எந்த அளவுக்குத் தெரியும் என்று இரண்டையும் சொன்னார். அந்த ± 0.03 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வினிகரை அளப்பது பழைய வேலை. 1729-இல் பிரான்சில் கிளாட் ஜோசஃப் ஜோஃப்ருவா என்பவர் வினிகரில் பொட்டாசியம் கார்பனேட் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரை வருவது நிற்கும்வரை எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தார். அதிகம் செலவானால் புளிப்பு அதிகம். இன்று கல்லூரியில் நாம் செய்யும் தரம்பார்த்தலின் கருத்தும் அதுவேதான். பொடிக்குப் பதில் அளவு தெரிந்த காரக் கரைசல், நுரைக்குப் பதில் பினாப்தலீன் காட்டும் இளஞ்சிவப்பு.

எங்கள் பாட்டில் மளிகைக் கடையில் வாங்கிய வெள்ளை வினிகர். மேலே 4 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. அதாவது 100 மி.லி. வினிகரில் 4 கிராம் அசிட்டிக் அமிலம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 3.75 கிராமுக்குக் குறையக் கூடாது. அதை அப்படியே காரத்தோடு தரம்பார்க்க முடியாது, ரொம்பக் கெட்டி. 20 மி.லி.க்கு 140 மி.லி. காரம் வேண்டியிருக்கும், 50 மி.லி. பியூரெட்டை மூன்று முறை நிரப்ப வேண்டும். அதனால் 10 மி.லி. வினிகரைப் பிப்பெட்டில் எடுத்து, 100 மி.லி. அளவுக்குடுவையில் விட்டு, காய்ச்சி வடித்த நீரைக் கோடுவரை ஊற்றிப் பத்து மடங்கு நீர்க்க வைத்தார்கள். அதிலிருந்து 20 மி.லி. எடுத்துக் கூம்புக்குடுவையில் விட்டு, இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்த்து, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும்போது, மறையாமல் நிற்கும் முதல் வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும்.

முதலில் உத்தேசமாக ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு மூன்று முறை கவனமாகச் செய்ததில் செலவான காரம் 14.25, 14.20, 14.20 மி.லி. சராசரி 14.2167.

காரத்தின் செறிவு 0.0985 மோலார். இந்த எண்ணை பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து எழுதவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும், எடை போட்டுக் கரைத்தால் மட்டும் அதன் செறிவை நம்ப முடியாது. அதனால் அன்று காலையிலேயே, நேராக எடை போட்டுக் கரைத்த 0.0500 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில் 20 மி.லி. எடுத்து அதைத் தரம்பார்த்தார்கள். 20.30 மி.லி. காரம் செலவானது. ஓர் ஆக்சாலிக் அமில மூலக்கூறுக்கு இரண்டு காரம் வேண்டும் என்பதால் 2 × 20 × 0.0500 ஐ 20.30-ஆல் வகுத்தால் 0.0985 வருகிறது.

இனி வினிகர்க் கணக்கு. அசிட்டிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் ஒன்றுக்கு ஒன்று.

நீர்த்த கரைசலின் செறிவு = 0.0985 × 14.2167 ÷ 20 = 0.07002 மோலார்
பாட்டில் வினிகரின் செறிவு = 0.07002 × 10 = 0.7002 மோலார்
100 மி.லி.யில் எடை = 0.7002 × 60.05 ÷ 10 = 4.20 கிராம்

60.05 என்பது அசிட்டிக் அமிலத்தின் மோலார் எடை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கண்ணியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் அதே மூன்று அளவீடுகளை வைத்து, சராசரியை முதலிலேயே 14.22 என்று சுருக்கிக்கொண்டார்கள். அதைக் கணக்கில் போட்டால் 4.2055 வருகிறது, அதாவது 4.21. சுருக்காமல் 14.2167 என்றே கொண்டுபோனால் 4.2045, அதாவது 4.20. ஒரே சோதனை, ஒரே அளவீடு, இரண்டு விடை. இலக்கங்களை இடையில் வெட்டாமல் கடைசியில் மட்டும் வெட்ட வேண்டும் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். ஆனால் 4.20-க்கும் 4.21-க்கும் நடுவே சண்டை போட வேண்டுமா என்று கேட்டால், அதற்கு விடை ± 0.03-இல்தான் இருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தோடு பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அந்தத் தடுமாற்றத்தை நாங்கள் நிச்சயமின்மை என்போம். அதைப் பிழை என்று எழுதும் வழக்கம் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. பிழை என்பது உண்மையான மதிப்பிலிருந்து எவ்வளவு விலகினோம் என்பது, அது நமக்குத் தெரியாது. தெரிந்தால் திருத்திவிடுவோமே. நிச்சயமின்மை என்பது உண்மையான மதிப்பு எந்த அளவு இடத்துக்குள் இருக்கலாம் என்று நாம் போடும் கணக்கு.

இந்தச் சோதனையில் ஐந்து இடங்களிலிருந்து அது வந்து சேர்கிறது. பியூரெட், காரத்தின் செறிவு, 10 மி.லி. பிப்பெட், 20 மி.லி. பிப்பெட், 100 மி.லி. குடுவை.

பிப்பெட்டிலிருந்து தொடங்கலாம். நல்ல வகை 10 மி.லி. பிப்பெட்டின் உடம்பிலேயே ± 0.02 என்று பொறித்திருக்கும். அது கொடுப்பது 9.98-லிருந்து 10.02-க்குள் எங்கேயாவது இருக்கும் என்று தயாரித்தவர் தரும் உறுதி அது. எங்கே என்று தெரியாது, வேலிக்குள் எல்லா இடமும் சமம். அப்படிப்பட்ட வேலியை ஒரு சராசரி விலகலாக மாற்ற அதை 3-இன் வர்க்கமூலமான 1.73-ஆல் வகுப்பார்கள். 0.02 ÷ 1.73 = 0.0115 மி.லி. இது 10 மி.லி.யில் 0.12 சதவீதம். இதே வழியில் ± 0.03 போட்ட 20 மி.லி. பிப்பெட்டுக்கு 0.09 சதவீதம், ± 0.10 போட்ட குடுவைக்கு 0.06 சதவீதம்.

பியூரெட்டில் இரண்டு விஷயம் சேர்கிறது. அதன் கோடுகள் இழுத்த விதத்தில் ± 0.05 மி.லி. வேலி, அது 0.029 ஆகிறது. கூடவே நம் கண்ணும் கையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுகின்றன. அதற்கு மூன்று அளவீடுகளின் சிதறலே சாட்சி. 14.25, 14.20, 14.20 என்பவற்றின் திட்டவிலக்கம் 0.029, மூன்று அளவீட்டின் சராசரி என்பதால் அதை 1.73-ஆல் வகுத்தால் 0.017. இரண்டையும் சேர்த்தால் 0.034 மி.லி., 14.22-இல் 0.24 சதவீதம். காரத்தின் செறிவுக்கும் இதே மாதிரி காலையில் செய்த தரம்பார்த்தலிலிருந்து கணக்குப் போட்டதில் ± 0.0002 வந்தது, 0.20 சதவீதம்.

சேர்த்தால் என்றேனே, எப்படிச் சேர்ப்பது? இங்கேதான் மாணவர்கள் தடுக்கி விழுவார்கள். ஐந்தையும் அப்படியே கூட்டினால் 0.71 சதவீதம். ஆனால் அப்படிக் கூட்டுவது, ஐந்து பாத்திரமும் ஒரே நாளில் ஒரே பக்கமாகச் சாய்ந்தன என்று வைத்துக்கொள்வது. பிப்பெட் கொஞ்சம் கூடக் கொடுத்தால் பியூரெட் கொஞ்சம் குறையக் கொடுக்கலாம், ஒன்றை ஒன்று ஓரளவு சரிக்கட்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவற்றைச் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போல் சேர்க்க வேண்டும். கிழக்கே 3 அடி, வடக்கே 4 அடி நடந்தவர் புறப்பட்ட இடத்திலிருந்து 7 அடி தூரத்தில் இல்லை, 5 அடி தூரத்தில்தான் இருக்கிறார். அதே கணக்குத்தான். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கிறோம்.

0.24² + 0.20² + 0.12² + 0.09² + 0.06² = 0.1237
வர்க்கமூலம் = 0.35 சதவீதம்

4.20-இல் 0.35 சதவீதம் என்பது 0.015 கிராம். இது ஒரு மடங்கு. உண்மையான மதிப்பு இதற்குள் இருக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புத்தான். 100-க்கு 95 தடவை உள்ளே இருக்க வேண்டும் என்றால் இரட்டிப்பாக்கி எழுதுவது வழக்கம். அப்படி வந்ததுதான் ± 0.03. இரட்டிப்பாக்கியதைப் பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் படிப்பவருக்கு எதுவென்று தெரியாது.

அந்த 0.35 சதவீதம் எவ்வளவு என்று கையில் பிடித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பியூரெட் நுனியிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. 14.2 மி.லி.யில் அது 0.35 சதவீதம். இவ்வளவு கணக்கும் போட்டு வந்த மொத்தத் தடுமாற்றம் ஒரே ஒரு சொட்டுக்குச் சமம். குடுவை சிவந்த பிறகு கவனக்குறைவால் இன்னொரு சொட்டு விழுந்துவிட்டால், ஐந்து பாத்திரங்களும் சேர்ந்து தரும் நிச்சயமின்மை முழுவதையும் அந்த ஒரு சொட்டே தின்றுவிடுகிறது. முடிவுநிலை நெருங்கும்போது குழாயை அரைச் சொட்டுக்குத் திறந்து, நுனியில் தொங்குவதைக் குடுவையின் சுவரில் தொட்டுவிட்டு, நீர் பீய்ச்சிக் கழுவச் சொல்வது இதனால்தான்.

வர்க்கக் கணக்குக்கு இன்னொரு குணம் உண்டு. பெரிய எண் மற்றவற்றை விழுங்கிவிடும். 0.06² என்பது 0.0036 தான், அதை முழுவதும் நீக்கினாலும் விடை மாறுவதில்லை. எதிர்ப்பக்கம் பாருங்கள். பிப்பெட் உடைந்துவிட்டது என்று ஒரு குழு 10 மி.லி. வினிகரை அளவுச் சிலிண்டரில் அளந்தது. அந்தச் சிலிண்டரின் வேலி ± 0.2 மி.லி. அந்த ஒரே இடத்தில் நிச்சயமின்மை 1.15 சதவீதமாக ஏறியது. மற்ற நான்கு பாத்திரமும் முன்னைப் போலவே நல்லவைதான், ஆனாலும் மொத்தம் 1.2 சதவீதம். விடை 4.20 ± 0.10. அவர்கள் பியூரெட்டை இன்னும் பத்து முறை படித்திருந்தாலும் அந்த 0.10 அசைந்திருக்காது.

இதனால் நடைமுறையில் என்ன வித்தியாசம்? வேறொரு பாட்டில் 3.80 என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி 3.75. பிப்பெட்டில் அளந்தவர் 3.80 ± 0.03 என்று எழுதுவார். கீழ் எல்லையே 3.77, பாட்டில் தேறியது என்று துணிந்து சொல்லலாம். சிலிண்டரில் அளந்தவருக்கு 3.80 ± 0.09. கீழ் எல்லை 3.71. தேறியதா இல்லையா என்று அவரால் சொல்லவே முடியாது. இருவரும் வெறும் 3.80 என்று எழுதியிருந்தால் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

முழு மதிப்பெண் வாங்கிய மாணவி கேட்ட ஒரு கேள்வியையும் இங்கே சொல்ல வேண்டும். “சார், காலையில ஆக்சாலிக் ஆசிட் எடுத்ததும், அப்புறம் வினிகர் எடுத்ததும் ஒரே இருபது எம்.எல். பிப்பெட்டுதானே? அது கூடக் குடுத்தா ரெண்டுலயும் கூடத்தானே குடுக்கும்?”

அவள் பிடித்தது சரியான இடம். பிப்பெட் உண்மையில் 20.02 மி.லி. கொடுக்கிறது என்றால், காலையில் காரத்தின் செறிவை அந்த அளவுக்குக் குறைத்துக் கணக்கிட்டிருப்போம். பிற்பகலில் வினிகரின் செறிவை அதே அளவுக்குக் கூட்டிக் கணக்கிட்டிருப்போம். ஒன்றை ஒன்று அடித்துவிடும். அந்தப் பிப்பெட்டின் பங்கு விடையில் இல்லவே இல்லை. செங்கோண முக்கோணக் கணக்கு, சம்பந்தமில்லாதவற்றுக்கு மட்டுமே பொருந்தும். இங்கே சம்பந்தம் இருக்கிறது. அதை நீக்கிவிட்டுப் போட்டால் 0.35 என்பது 0.33 ஆகிறது, இரட்டிப்பாக்கிச் சுருக்கினால் அதே ± 0.03. எண் மாறவில்லை. ஆனாலும் நான் அந்த நோட்டில் இதைத் தனியாக ஒரு வரி எழுதச் சொன்னேன். தரம்பார்த்தல் இரண்டையும் ஒரே பிப்பெட்டால் செய்யச் சொல்லும் பழைய ஆசிரியர்களின் வழக்கத்துக்குப் பின்னால் இந்த நியாயம் இருக்கிறது.

± 0.03-க்கு எட்டாத விஷயங்களும் உண்டு. அவற்றை மறைத்தால் இந்தக் கட்டுரை பாதிக் கட்டுரைதான். கூம்புக்குடுவையை நீரில் கழுவுவதற்குப் பதிலாக வினிகர்க் கரைசலாலேயே அலசிவிட்டால், சுவரில் ஒட்டிய அமிலமும் சேர்ந்து காரத்தைத் தின்னும். மூன்று முறையும் அப்படியே அலசினால் மூன்று அளவீடும் ஏறத்தாழ ஒன்றாக, ஆனால் கூடுதலாக வரும். பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளினாலும் அப்படியே. காரத்தை இரண்டு வாரத்துக்கு முன் தரம்பார்த்து வைத்துவிட்டு அந்தப் பழைய எண்ணையே போட்டால், இடையில் கரியமில வாயு அதன் பலத்தைக் குறைத்திருக்கும். அதிகக் காரம் செலவாகும், வினிகர் இருப்பதைவிடப் பலமாகத் தெரியும்.

“சார், மூணு ரீடிங்கும் ஒண்ணாவே வந்திருக்கு, தப்பா இருக்குமா?” என்று கேட்பார்கள். இருக்கும். மூன்று முறை ஒன்றாக வந்தது உங்கள் கை நடுங்கவில்லை என்பதற்குச் சாட்சி, உங்கள் வழி சரி என்பதற்குச் சாட்சி இல்லை. அதற்கு வேறு சோதனை வேண்டும். காரத்தை அன்றன்றே தரம்பார்ப்பது ஒன்று. பிப்பெட் விடும் நீரை எடை போட்டுப் பார்ப்பது இன்னொன்று. 30 டிகிரி அறையில் 10 மி.லி. நீர் தராசில் சுமார் 9.95 கிராம் காட்ட வேண்டும். அது 10.05 என்று காட்டினால் பிப்பெட்டில் கோளாறு, அல்லது கடைசித் துளியை ஊதித் தள்ளுகிறீர்கள்.

இன்னொரு எல்லை வினிகரிலேயே இருக்கிறது. காரத்துக்கு அசிட்டிக் அமிலம், வேறு அமிலம் என்ற பேதம் தெரியாது. தென்னங்கள்ளிலிருந்தோ பழச்சாற்றிலிருந்தோ புளிக்க வைத்த வினிகரில் மற்ற அமிலங்களும் கொஞ்சம் இருக்கும், அவையும் இந்தக் கணக்கில் அசிட்டிக் அமிலமாகவே எண்ணப்படும். அந்த வினிகருக்கு விடை எழுதும்போது, மொத்தப் புளிப்பு அசிட்டிக் அமிலமாகச் சொல்லப்பட்டது என்று எழுத வேண்டும்.

ஆக, அன்று மேசையில் இருந்த பாட்டிலைப் பற்றி மூன்றாவது நோட்டு சொன்ன தீர்ப்பு இது. அமிலம் 100 மி.லி.க்கு 4.20 ± 0.03 கிராம், நிச்சயமின்மை இரட்டிப்பாக்கப்பட்டது. கீழ் எல்லை 4.17. சட்டம் கேட்பது 3.75, அச்சிட்டது 4. அந்த வினிகரில் சொன்னதற்குக் குறைவில்லை.